பின்பலகை நுழையவில்லை, கேம் சுற்றிக்கொண்டே இருக்கிறது: பிரித்த படத்தை வைத்து அலமாரி பூட்டும்போது வரும் சிக்கல்கள்

பெட்டியில் வரும் அலமாரியோடு இரண்டு வகைக் காகிதம் வரலாம். ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் படியெண் போட்டு, எதற்கு அடுத்து எது என்று காட்டும் சிறு புத்தகம். இன்னொன்று ஒரே தாள், அதில் இருப்பதுதான் பிரித்த படம். அதில் முழு அலமாரியும் பலகை பலகையாகப் பிரிந்து அந்தரத்தில் நிற்கும். பலகைகளுக்கு நடுவே புள்ளிக்கோடுகள் ஓடும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். பெங்களூரில் ஆன்லைனில் வாங்கும் விலை குறைந்த அலமாரிகளோடு பெரும்பாலும் இந்த ஒற்றைத் தாள்தான் வருகிறது. பூட்டிக் கொடுக்க ஆள் வருவார் என்று சொல்வார்கள். அவர் வருகிற நாள் உங்களுக்கு ஆபீஸ் நாளாக இருக்கும்.

இந்தத் தாளில் ஒரு பலகை எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். எப்போது போக வேண்டும் என்பதை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வரிசை படத்துக்குள்ளேயே இருக்கிறது. பலகைகளைக் கண்டபடி இழுத்துப் பிரித்து வரைவதில்லை. எந்தத் திசையில் நகர்த்திச் சேர்க்க வேண்டுமோ, அதே திசையில் பின்னோக்கி இழுத்துத்தான் வரைவார்கள். இட்லித் தட்டுகளை நடுத்தண்டோடு மேலே உருவி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தட்டு முதலில் வெளியே வரும், திரும்ப அடுக்கும்போது அதுதான் கடைசியாகப் போகும். படத்திலும் ஒரே புள்ளிக்கோட்டில் இரண்டு பலகை இருந்தால், அலமாரியின் உடலுக்கு அருகில் இருப்பது முன்னால் போக வேண்டும், தள்ளி இருப்பது பின்னால். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

பேச்சுக்கு ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். உயரம் 1800 மி.மீ., அகலம் 800, ஆழம் 450, பலகைக் கனம் 18, பார்ட்டிகிள் போர்டு. இடது பக்கப்பலகை 1, வலது பக்கப்பலகை 2, மேல்பலகை 3, அடிப்பலகை 4, நகராத நடுத்தட்டு 5, முன்னால் கீழே வரும் ஸ்கர்ட்டிங் பட்டை 6, மெல்லிய பின்பலகை 7, கதவுகள் 8. முருகேஷ்பாளையாவில் வாடகைக்கு வந்த ஒரு தம்பி வாங்கியது இந்த மாதிரி அலமாரிதான். எனக்குப் போன் செய்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

“அண்ணா, எல்லாம் பூட்டியாச்சு, பின்பலகை மட்டும் உள்ளே போக மாட்டேங்குது”

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பின்பலகை பெரிதாக வெட்டப்பட்டுவிட்டது என்று தோன்றும். சிலர் ரம்பத்தைத் தேடுவார்கள். வேண்டாம், முதலில் படத்தைப் பாருங்கள்.

பின்பலகை இரண்டு விதமாகப் பொருந்தும். சில அலமாரிகளில் அது பின்னாலிருந்து ஒட்டினாற்போல் உட்கார்ந்து, சிறு ஆணியாலோ திருகாணியாலோ நிற்கும். அப்படியானால் படத்தில் அது அலமாரிக்கு நேர் பின்னால் வரையப்பட்டிருக்கும், அதன் ஓரம் நெடுக ஆணிகள் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கும். அந்த வகையை எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் அடிக்கலாம். இன்னொரு வகையில் பக்கப்பலகைகளின் உள்முகத்தில் பின்விளிம்பை ஒட்டி ஒரு காடி வெட்டியிருக்கும். அடிப்பலகையிலும் மேல்பலகையிலும்கூடக் காடி இருக்கும். 3 மி.மீ. கனப் பின்பலகை அந்தக் காடிக்குள் சறுக்கி இறங்க வேண்டும். படத்தில் அதை அலமாரிக்கு மேலே, செங்குத்தாக, உடலுக்கும் மேல்பலகைக்கும் நடுவில் வரைந்திருப்பார்கள். மேல்பலகை அதற்கும் மேலே நிற்கும்.

தம்பியை அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். 7 எண் உடலுக்கு மேலே இருந்தது, 3 அதற்கும் மேலே. வேறு விளக்கமே தேவையில்லை. 7 இறங்கிய பிறகுதான் 3 மூட வேண்டும். அவர் 3-ஐ முதலில் மூடிவிட்டார். நாலு பக்கமும் காடி மூடிக்கொண்டால் எந்தப் பலகையும் நுழையாது.

“அப்போ எல்லாத்தையும் கழட்டணுமா அண்ணா?”

“வேண்டாம்ப்பா, மேல்பலகை மட்டும் போதும். கேம் எத்தனை இருக்கு பாரு.”

இந்த அலமாரியில் மேல்பலகையின் நீளம் 800. அதாவது அது பக்கப்பலகைகளின் தலையில் உட்காருகிறது. அடிப்பலகையும் நடுத்தட்டும் 764 தான், ஏனென்றால் அவை இரண்டு 18 மி.மீ. பலகைகளுக்கு நடுவில் நிற்பவை. அதனால் மேல்பலகையைப் பிடித்திருக்கும் கேம்கள், அதாவது திருப்பினால் பலகைகளை இழுத்துப் பூட்டும் உலோக வட்டுகள், பக்கப்பலகைகளின் உள்முகத்தில், உச்சிக்கு அருகில், பக்கத்துக்கு இரண்டாக நாலு இருக்கும். நாலையும் இடஞ்சுழியாகத் திருப்பி, அம்புக்குறி மேலே பார்க்கும்படி வைத்தால் மேல்பலகை நேராக மேலே எழும்பும். ஒரு பக்கத்தை மட்டும் நெம்பித் தூக்காதீர்கள். பலகைகளுக்கு நடுவே செருகியிருக்கும் மரக்குச்சியான டோவல் சரிந்து துளையைக் கிழித்துவிடும். இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துச் சமமாகத் தூக்க வேண்டும்.

பின்பலகையை நிற்கிற அலமாரிக்குள் மேலிருந்து இறக்குவதைவிட, அலமாரியை முன்விளிம்பு தரையில் படும்படி குப்புறப் படுக்க வைத்துவிட்டுத் தலைப்பக்கத்திலிருந்து தள்ளுவது எளிது. கீழே ஒரு பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். வண்ணப்பூச்சுள்ள முகம் உட்பக்கம், அதாவது இப்போது தரையைப் பார்த்து இருக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் அழுத்தித் தள்ளாதீர்கள். மெல்லிய பலகை வளைந்து காடியை விட்டு வெளியே வரும். காடிக்குள் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று ஒரு பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் வழித்துப் பாருங்கள். தூள் இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. அதற்கு அடுத்து வருகிறேன்.

பின்பலகை நடுத்தட்டில் இடித்து நின்றால் அது வேறு கதை. நடுத்தட்டு ஆழத்தில் அடிப்பலகையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் பின்பலகை அதன் முதுகுக்குப் பின்னால் கடந்து போக வேண்டும். நீளம் இரண்டுக்கும் 764 என்பதால் 4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டுவிடுவது சுலபம். காடி இருக்கிற பலகை 4, காடி இல்லாமல் குறுகலாக இருப்பது 5. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தாலும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

மூலைவிட்டம் அளந்து பார்க்கும் இடம்

பின்பலகை இறங்குவதற்கு முன்னால், அலமாரி குப்புறக் கிடக்கும்போதே, பின்பக்கம் நாலு மூலைகளையும் குறுக்காக அளந்துவிடுங்கள். இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலை வரை ஓர் அளவு, வலது மேலிருந்து இடது கீழ் வரை இன்னோர் அளவு. இரண்டும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று அதிகமாக இருந்தால், அந்த நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்த, சட்டம் நேராகும். இந்த அளவு எந்தத் தாளிலும் இருக்காது. கதவு போட்ட பிறகு மூன்று மணி நேரம் கீலோடு மல்லுக்கு நிற்பதைத் தவிர்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

கேம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை

தச்சர்கள் மினிஃபிக்ஸ் என்று சொல்லும் பூட்டில் இரண்டு பாகம். ஒன்று, பலகையின் முகத்தில் திருகும் போல்ட், அதன் தலை காளான் மாதிரி சிறியதாக இருக்கும். மற்றொன்று, எதிர்ப் பலகையில் 15 மி.மீ. விட்டத் துளைக்குள் உட்காரும் கேம், அதாவது ஒரு பக்கம் வாய் திறந்த உலோக வட்டு. போல்ட்டின் தலை பலகையின் விளிம்புத் துளை வழியாக நுழைந்து கேமின் வாய்க்குள் வரும். கேமைத் திருப்பினால் அதன் உள்விளிம்பு போல்ட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்து, இரண்டு பலகையையும் ஒட்டவைக்கும். ஏறக்குறைய அரைச் சுற்றில் இறுகிவிட வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது என்றால் அது போல்ட்டைப் பிடிக்கவே இல்லை.

முதலில் வாய்த்திசையைப் பாருங்கள். கேமின் முகத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பலகையைச் சேர்ப்பதற்கு முன்னால் அந்த அம்பு அருகிலிருக்கும் விளிம்பை, அதாவது போல்ட் வரப்போகிற துளையைப் பார்த்திருக்க வேண்டும். படத்தில் இதை ஒரு வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். அந்த வட்டத்தைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். எல்லா கேமையும் ஏதோ ஒரு திசையில் போட்டுவிட்டுப் பலகையைச் சேர்த்தால், போல்ட்டின் தலை கேமின் மூடிய முதுகில் இடித்து வெளியிலேயே நிற்கும்.

வாய் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கேம் கடைசி ஒரு மில்லிமீட்டரை இழுத்து மூடும், நாலு மில்லிமீட்டரை மூடாது. முதலில் கையால் தட்டி இரண்டு பலகையும் முழுக்க ஒட்டிய பிறகுதான் கேமைத் திருப்ப வேண்டும். கையால் தட்டியும் ஒட்டவில்லை என்றால் நடுவில் ஏதோ முட்டுகிறது. பெரும்பாலும் டோவல் குச்சிதான். 8 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம் என்று வரும் அந்தக் குச்சி, விளிம்புத் துளைக்குள் ஆழமாகப் போய், வெளியே சுமார் 10 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலகையின் கனமே 18 என்பதால் முகத்துளை அதற்கு மேல் ஆழம் அதிகம் இருக்காது. ஏதாவது ஒரு குச்சி 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மூட்டு மூடவே மூடாது. விளிம்புத் துளையிலிருக்கும் தூளைத் தட்டிவிட்டுக் குச்சியை உள்ளே இறக்குங்கள்.

அடுத்தது போல்ட். அதன் இடுப்பில் ஒரு விளிம்பு இருக்கும். அது பலகையின் முகத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அரைகுறையாகத் திருகியிருந்தால் தலை கேமைத் தாண்டி நிற்கும். ட்ரில்லிங் மெஷினை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் விளிம்பு பலகைக்குள் புதைந்து, தலை கேமுக்கு எட்டாமல் போகும். அப்படிச் செய்தால் துளையின் புரியும் சேர்ந்து அழிந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு பசை போட்டு அழுத்திய மரத்தூள்தான், அதில் ஒரு தடவை போன புரி திரும்ப வராது. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. தீக்குச்சிகளின் மருந்து முனையை வெட்டிவிட்டு, ஃபெவிக்காலில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, முகத்தோடு சமமாக வெட்டி, ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் கையாலேயே மெதுவாகப் போல்ட்டைத் திருகினால் பிடிக்கும். இருந்தாலும் அந்த மூட்டை நம்பிக் கனமான சாமான் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் நடக்கும். சில பைகளில் இரண்டு நீளத்தில் போல்ட் வரும், தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். தாளின் ஓரத்தில் உதிரிகளை உண்மையான அளவிலேயே வரைந்திருந்தால், கையிலுள்ளதை அதன்மேல் வைத்துப் பார்த்துவிடலாம். அச்சடித்து வந்த தாளுக்குத்தான் இது செல்லும். பி.டி.எஃப். கோப்பை ஆபீஸ் பிரின்டரில் எடுத்தால் பக்கத்துக்குத் தகுந்தாற்போல் சுருக்கியிருக்கும், அப்போது அளவு பொய்யாகிவிடும். பக்கத்தில் மி.மீ. எண் எழுதியிருந்தால் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

முன்னால் வர வேண்டியது பின்னால் வந்திருக்கிறது

எல்லாம் பூட்டி நிமிர்த்திய பிறகு, முன்விளிம்பில் பழுப்பு மரத்தூள் தெரிகிறது, வழவழப்பான பட்டை பின்னால் போய்விட்டது. அல்லது காடி முன்பக்கம் நிற்கிறது. இதற்குக் காரணம் இடது பக்கப்பலகையும் வலது பக்கப்பலகையும் மாறிப்போனதுதான்.

இவை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி பிம்பம். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்றாகிவிடாது. உள்முகம் வெளியே வந்துவிடும், அல்லது தலை கீழாகிவிடும். பிரித்த படம் ஒரே கோணத்திலிருந்து வரையப்படுவதால், ஒரு பக்கப்பலகையின் உள்முகம் தெரியும், மற்றதன் வெளிமுகம்தான் தெரியும். வெளிமுகம் தெரிகிற பலகையின் துளைகளைப் படத்தில் காட்டவே மாட்டார்கள், அல்லது உடைந்த மெல்லிய கோட்டில் காட்டுவார்கள். அதனால்தான் ஒரு பலகை சரியாகவும் இன்னொன்று தவறாகவும் போகிறது.

படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, நாம் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பது. கதவு 8, ஸ்கர்ட்டிங் பட்டை 6 இரண்டும் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அதுதான் முன்பக்கம். சில தாள்களில் அலமாரியைப் பின்னாலிருந்து வரைந்திருப்பார்கள். அப்போது படத்தின் இடதுபுறம் இருப்பது உண்மையில் வலது பலகை. எண்ணை நம்புங்கள், படத்தில் நிற்கிற பக்கத்தை நம்பாதீர்கள்.

பிறகு, பூட்டத் தொடங்கும் முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். 1, 2 இரண்டையும் உள்முகம் மேலே பார்க்க, தலை ஒரே பக்கம் இருக்க, தரையில் அருகருகே போடுங்கள். வழவழப்பான முன்விளிம்புகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். அப்போது காடிகள் இரண்டும் வெளிப்பக்க ஓரங்களில் நிற்கும். நடுத்தட்டுக்கான துளைகள் ஒரே உயரத்தில் நேருக்கு நேர் வரும். தலை எது, கால் எது என்பதையும் துளைகளே சொல்லிவிடும். இந்த அலமாரியில் மேல்பலகையின் கேம்துளைகள் உச்சிக்கு அருகில் இருக்கும். கால்பக்கத்தில் ஸ்கர்ட்டிங் உயரத்துக்கு இடம் விட்டு, அதற்கு மேலேதான் அடிப்பலகைக்கான துளைகள் தொடங்கும். இவ்வளவும் பொருந்தினால் பென்சிலால் காடிக்குள் 1, 2 என்று எழுதிவிடுங்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது ஸ்டிக்கர் இருக்காது, காடிக்குள் எழுதிய பென்சில் எண் இருக்கும்.

தவறு கடைசியில்தான் தெரிந்தது என்றால், உள்ளதை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பார்கள். காடி முன்னால் வந்திருந்தால் பின்பலகை போட வழியில்லை. பின்பலகை இல்லாத அலமாரி பக்கவாட்டில் ஆடும், கொஞ்ச நாளில் கேம்கள் தளரும். கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் கழற்றும் வரிசையும் படத்திலேயே இருக்கிறது. வெளியே தள்ளி நிற்பதிலிருந்து உடலை நோக்கி வாருங்கள்: கதவு, மேல்பலகை, பின்பலகை, அப்புறம் பக்கப்பலகை.

இரண்டாவது பக்கப்பலகையைச் சேர்க்க முடியவில்லை

ஒரு முனையில் போல்ட் துளைக்குள் போனால் மறுமுனை வெளியே வருகிறது. மூன்று பலகையையும் ஒரே நேரத்தில் குறிபார்க்க வேண்டியிருப்பதால் இந்தத் தொல்லை. படத்தில் 4, 5, 6 மூன்றிலிருந்தும் கோடுகள் இடது வலது இரு பக்கமும் கிடைமட்டமாக ஓடுவதைப் பாருங்கள். அவை மூன்றும் முதலில் ஒரு பக்கப்பலகையோடு சேர்ந்துவிட வேண்டும், மற்றொரு பக்கப்பலகை மூடியைப் போல மேலே வந்து உட்கார வேண்டும் என்று அர்த்தம்.

1-ஐ உள்முகம் மேலே பார்க்கத் தரையில் படுக்கப் போட்டு, 4, 5, 6 மூன்றையும் அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, கேம்களைத் திருப்பிப் பூட்டுங்கள். இந்த முதல் பக்கத்தில் கேமை முழுக்க இறுக்காமல், லேசாகப் பிடிக்கும் அளவில் நிறுத்திவிடுங்கள். அந்தச் சிறு தளர்வுதான் இரண்டாவது பலகையைச் சேர்க்கும்போது துளைகளைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கும். 2-ஐ மேலே வைத்ததும் ஒரு முனையிலிருந்து தொடங்குங்கள். அடிப்பலகையின் குச்சிகள் நுழைந்த பிறகு நடுத்தட்டுக்கு வாருங்கள். எல்லாம் ஒட்டியதும் இரண்டு பக்கத்தையும் இறுக்கிக்கொள்ளலாம். தட்ட வேண்டியிருந்தால் சுத்தியலை நேராகப் பலகையில் போடாதீர்கள். ஒரு மரத்துண்டை நடுவில் வைத்து அதன்மேல் தட்டுங்கள்.

நிமிர்த்தும்போது பரண் இடிக்கிறது

பல வாடகை வீடுகளில் படுக்கையறைச் சுவரில் ஏழடி உயரத்தில் பரண் இருக்கும், அதாவது சுமார் 2134 மி.மீ. 1800 உயர அலமாரியைப் படுக்க வைத்துப் பூட்டி நிமிர்த்தும்போது, கீழ்விளிம்பில் சாயும் அதன் மூலைவிட்டம் 1855 வரை எழும்பும், இடிக்காது. அதுவே 2100 உயரம், 550 ஆழம் உள்ள பெரிய அலமாரி என்றால் நிமிர்ந்து நின்ற பிறகு பரணுக்குக் கீழே போதுமான இடம் இருக்கும். ஆனால் நிமிரும் வழியில் 2171 மி.மீ. வேண்டும், பரணில் முட்டும். பரணில்லாத நடு அறையில் நிமிர்த்திவிட்டு நகர்த்துங்கள். கதவு போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கதவுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே

கீலைத் தொடாதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள். இரண்டு கதவில் எது தாழ்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கத்து முன்மூலை தரையில் இறங்கியிருக்கிறது. அந்த மூலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு அல்லது மடித்த அட்டை கொடுத்தால் கதவு மேலே வரும். அதன் பிறகும் மீதி இருந்தால்தான் கீலில் உள்ள திருகாணிகளைத் திருப்ப வேண்டும். தரையைச் சரிசெய்யாமல் கீலை மட்டும் திருப்பினால், அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தியதும் எல்லாம் மறுபடி மாறிவிடும்.

இழுப்பறை உள்ளே போகவில்லை, அல்லது இழுத்தால் கையோடு வருகிறது

உருளை வைத்த வெள்ளைச் சேனல் என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து பதித்திருக்கும்: சி.எல்., சி.ஆர்., டி.எல்., டி.ஆர். சி அலமாரிக்கு, டி இழுப்பறைக்கு, எல் இடது, ஆர் வலது. அலமாரியில் போடுவதன் உருளை முன்பக்கம் வரும், இழுப்பறையில் போடுவதன் உருளை பின்பக்கம் வரும். படத்தில் உருளை ஒரு சிறு வட்டமாகத் தெரியும், அது எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பூட்டி முடித்தும் உதிரிகள் மிச்சம்

ஒற்றைத் தாளில் வட்ட எண்ணின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெருக்கல் குறியும் எண்ணும் முழு அலமாரிக்கான கணக்கு. நம் அலமாரியில் மேல்பலகைக்கு 4, அடிப்பலகைக்கு 4, நடுத்தட்டுக்கு 4, ஸ்கர்ட்டிங் பட்டைக்கு 2 என்று மொத்தம் 14 கேம், 14 போல்ட். பையில் 14-க்கு மேல் இருந்தால் அது கூடுதலாகப் போட்டது, கவலை இல்லை. பையைப் பிரித்ததும் எண்ணித் தாளில் எழுதி வைத்திருந்தால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

எண்ணவில்லை, இப்போது கேம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றால், எங்கோ போல்ட் இருக்கிறது, கேம் இல்லை. கேமும் போல்ட்டும் ஜோடியாக மிஞ்சினால் ஒரு மூட்டே விட்டுப்போயிருக்கலாம். தேட வேண்டிய இடம் நடுத்தட்டின் அடியும் அடிப்பலகையின் அடியும்தான். அங்கேதான் கேம்கள் கண்ணில் படாத பக்கம் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். காலியான 15 மி.மீ. வட்டத்துளை தெரிந்தால், பக்கப்பலகையில் போல்ட் இருக்கிறதா என்று அந்தத் துளை வழியாகவே பார்க்கலாம். போல்ட் இருந்தால் கேமைப் போட்டுத் திருப்பினால் முடிந்தது. இல்லையென்றால் அந்தப் பக்கப்பலகையைத் தளர்த்தாமல் வழியில்லை.

சுவரில் மாட்டும் சிறு இரும்புப் பட்டை மிஞ்சியிருந்தால் அதை உதிரி என்று டப்பாவில் போட்டுவிடாதீர்கள். படத்தில் அது மேல்பலகைக்குப் பின்னால், அலமாரியைவிட்டுத் தள்ளி, எதோடும் சேராததுபோல் நிற்கும். இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தால் எடை முன்னால் வரும். வீட்டில் குழந்தை இருந்தால் இதைப் போட்டே ஆக வேண்டும். சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு துளைக்கு மறுப்பதில்லை.